வேலையின்மை விகிதமும் உழைப்பாளர் பங்கேற்பும்

வேலையின்மை விகிதம் என்பது ஒரு நாட்டில் வேலை இல்லாத அனைவரையும் எண்ணிச் சொல்லும் கணக்கு அன்று. வேலை இல்லாமல் இருந்து, வேலையைத் தேடிக்கொண்டும் இருப்பவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. இதனால் ஒரு விந்தையான நிலை உண்டாகிறது. வேலை தேடி அலுத்துப்போன ஒருவர் தேடுவதை நிறுத்திவிட்டால், அவருக்கு வேலை கிடைக்காமலேயே வேலையின்மை விகிதம் குறைகிறது. இப்படி நின்றுவிடுபவர்களைப் பொருளியலில் ஊக்கமிழந்த தொழிலாளர்கள் என்பர். அவர்கள் எங்கே மறைந்தார்கள் என்பதைக் கண்டறிய உதவும் மற்றோர் அளவுகோல்தான் உழைப்பாளர் பங்கேற்பு விகிதம்.

2008 நிதி நெருக்கடிக்குப் பிந்தைய அமெரிக்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நாட்டில் மாதந்தோறும் விரிவான கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தேடுவதை நிறுத்தியவர்களும் தனியே எண்ணப்படுகிறார்கள். ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் அந்த அனுபவத்தையே பின்பற்றுகிறது.

மூன்று பெட்டிகள்

அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்துக்காக மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம் மாதந்தோறும் ஏறத்தாழ 60,000 குடும்பங்களை விசாரிக்கிறது. பொதுவாக 12ஆம் தேதி வரும் வாரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. 16 வயது நிறைந்தவர்களில் இராணுவத்தில் உள்ளோர், சிறையிலோ முதியோர் காப்பகம் போன்ற நிறுவனங்களிலோ இருப்போர் நீங்கலாக மற்ற எல்லாரும் மூன்று பெட்டிகளில் ஒன்றில் இடப்படுகிறார்கள்.

அந்த வாரத்தில் சம்பளத்துக்கோ சொந்தத் தொழிலிலோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வேலை இல்லை, ஆனால் கிடைத்தால் உடனே சேரத் தயார், கடந்த நான்கு வாரங்களில் முனைந்து தேடியும் இருக்கிறார் என்றால் அவர் வேலையற்றவர். தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, திரும்ப அழைப்பார்கள் என்று காத்திருப்பவருக்கு மட்டும் தேடல் நிபந்தனை இல்லை. இந்த இரண்டிலும் சேராத மாணவர், ஓய்வு பெற்றவர், வீட்டைக் கவனிப்பவர், நோயாளி ஆகியோருடன் தேடுவதை நிறுத்தியவரும் மூன்றாவது பெட்டிக்குப் போகிறார்.

முதல் இரண்டு பெட்டிகளும் சேர்ந்ததே உழைப்பாளர் படை. வேலையற்றவர்களை உழைப்பாளர் படையால் வகுத்தால் வேலையின்மை விகிதம் கிடைக்கும். உழைப்பாளர் படையை வயது வந்தோர் மொத்தத் தொகையால் வகுத்தால் பங்கேற்பு விகிதம் கிடைக்கும். இரண்டு விகிதங்களும் வகுக்கும் எண்ணில் வேறுபடுகின்றன என்பதை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. குழப்பம் முழுவதும் பிறப்பது அங்கேதான்.

முனைந்து தேடுதல் என்பதற்கும் வரையறை உண்டு. நிறுவனத்தை நேரில் அணுகுவது, விண்ணப்பம் அனுப்புவது, வேலைவாய்ப்பு முகமையை நாடுவது போன்றவை கணக்கில் சேரும். செய்தித்தாளில் விளம்பரங்களைப் படித்துக்கொண்டு இருப்பது மட்டும் சேராது. அதனால் மட்டுமே ஒருவருக்கு வேலை கிடைத்துவிடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

நூறு பேர் உள்ள ஒரு சிற்றூர்

வயது வந்தவர்கள் 100 பேர் மட்டுமே உள்ள ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். 54 பேர் வேலை செய்கிறார்கள். 6 பேர் வேலை தேடுகிறார்கள். மீதி 40 பேர் உழைப்பாளர் படைக்கு வெளியே இருக்கிறார்கள். படை 60 பேர் கொண்டது. பங்கேற்பு 60 சதவீதம். வேலையின்மை விகிதம் 60இல் 6, அதாவது 10 சதவீதம்.

தேடிக்கொண்டிருந்த ஆறு பேரில் இருவர் மனம் சலித்து நின்றுவிடுகிறார்கள். வேறு எந்த மாற்றமும் இல்லை. இப்போது படை 58 பேர், வேலையற்றோர் 4 பேர். வேலையின்மை விகிதம் 6.9 சதவீதமாக இறங்கிவிட்டது. ஊரில் ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை. முன்பு சம்பளம் வாங்கிய அதே 54 பேர்தான் இப்போதும் வாங்குகிறார்கள். பங்கேற்பு விகிதம் 60இலிருந்து 58க்கு இறங்கியதைப் பார்த்தால்தான் நடந்தது தெரியும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஊருக்குப் புதிதாக ஓர் ஆலை வருகிறது. தேடிக்கொண்டிருந்த நால்வரில் ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. அதைப் பார்த்து வீட்டில் இருந்த மூவர் தாங்களும் தேடத் தொடங்குகிறார்கள். வேலையில் இருப்போர் 55 ஆகிவிட்டனர், ஆனால் வேலையற்றோர் 6 பேர். விகிதம் 9.8 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. ஊர் முன்னைவிட நன்றாக இருக்கிறது, செய்தித் தலைப்போ வேலையின்மை அதிகரித்தது என்று வரும்.

ஒருவர் பட்டியலிலிருந்து நழுவும் விதம்

கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். 2009 மார்ச்சில் ஆலை மூடப்படுகிறது. அடுத்த ஆண்டு ஜூன் வரை அவர் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறார். அதுவரை அவர் வேலையற்றவர், விகிதத்தில் இருக்கிறார். ஜூன் இறுதியில், இந்த வட்டாரத்தில் இனி வேலை கிடைக்காது என்ற முடிவுக்கு வந்து நிறுத்திக்கொள்கிறார். நான்கு வாரங்கள் கழிந்ததும் அவர் உழைப்பாளர் படையை விட்டு வெளியேறியவராகிறார். அன்றிலிருந்து வேலையின்மை விகிதத்தில் அவர் இல்லை.

ஆயினும் கணக்கெடுப்பாளர் அவரை உடனே கைவிடுவதில்லை. வேலை வேண்டுமா, கிடைத்தால் சேர முடியுமா, கடந்த 12 மாதங்களில் எப்போதாவது தேடினீர்களா என்று கேட்கிறார். மூன்றுக்கும் ஆம் என்றால் அவர் படையோடு ஓரளவு தொடர்புடையோர் என்ற பிரிவில் வைக்கப்படுகிறார். இப்போது ஏன் தேடவில்லை என்பது அடுத்த கேள்வி. வேலையே இல்லை, தேடியும் கிடைக்கவில்லை, போதிய படிப்போ பயிற்சியோ இல்லை, வயதாகிவிட்டது என்று ஒதுக்குகிறார்கள் என்பதுபோல் வேலைச் சந்தையைச் சார்ந்த காரணத்தைச் சொன்னால் அவர் ஊக்கமிழந்தவர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, உடம்பு சரியில்லை, போக்குவரத்து வசதி இல்லை என்று சொன்னால் ஊக்கமிழந்தவர் அல்லர்.

அவர் கடைசியாகத் தேடி ஓராண்டு கடந்தால் அந்தப் பிரிவிலிருந்தும் விழுந்துவிடுகிறார். அவருடைய நிலைமை எந்த விதத்திலும் மாறவில்லை. ஊக்கமிழந்தோர் எண்ணிக்கை மட்டும் ஒன்று குறைகிறது. வேலை வேண்டும் என்று சொல்லும், ஆனால் படைக்கு வெளியே உள்ள ஒரு பெருந்திரளில் அவர் கலந்துவிடுகிறார். 2013 இறுதியில் அமெரிக்காவில் அத்திரள் சுமார் 60 லட்சம். ஆகவே ஊக்கமிழந்தோர் எண்ணிக்கை குறைந்தது என்ற செய்தியையும் அப்படியே நம்பிவிட முடியாது. மிக நீண்ட காலம் மனம் தளர்ந்தவர்களை அந்த எண் பார்ப்பதே இல்லை.

வரையறை மாறிய வரலாறு

இந்தக் கோடு எப்போதும் இதே இடத்தில் இருந்ததில்லை. 1940 முதல் 1966 வரை, தம் ஊரிலோ தம் தொழிலிலோ வேலையே இல்லை என்று நம்பித் தேடாமல் இருப்பதாகத் தாமாகச் சொன்னவர்களையும் அமெரிக்கா வேலையற்றோராகவே எண்ணியது. ஆனால் அதைப்பற்றிக் கணக்கெடுப்பாளர் நேரடியாகக் கேட்கவில்லை. சொன்னவர் சேர்க்கப்பட்டார், சொல்லாதவர் விடுபட்டார். 1962இல் அறிக்கை தந்த கார்டன் குழு இத்தகைய தளர்வுகளைச் சுட்டிக்காட்டிய பின், 1967இல் நான்கு வாரத் தேடல் கட்டாயமாக்கப்பட்டது. ஊக்கமிழந்தோர் தனிக் கணக்காயினர். 1994இல் வினாத்தாள் மாற்றியமைக்கப்பட்டபோது, ஓராண்டுக்குள் தேடியிருக்க வேண்டும், சேரத் தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் சேர்ந்தன. அதனால் மட்டுமே ஊக்கமிழந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று. எனவே 1994க்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறு. ஆனாலும் பலர் அப்படிச் செய்கிறார்கள்.

தேடலை நிபந்தனையாக்கியது ஏழைகளை மறைக்கும் சூழ்ச்சி என்று சிலர் எழுதுவதுண்டு. அது நியாயமான குற்றச்சாட்டாகத் தோன்றவில்லை. வேலை வேண்டுமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்வது எளிது. எந்தச் சம்பளத்துக்கு, எந்த ஊரில், எப்போது என்பது அந்தப் பதிலில் இல்லை. தேடினார் என்பது ஒரு செயல். அதை விசாரித்து உறுதிசெய்ய முடியும். எண் ஒழுங்கானது, அதை மட்டும் பார்ப்பதுதான் தவறு.

2013 டிசம்பர்

2014 ஜனவரியில் வெளியான அறிக்கை, வேலையின்மை விகிதம் நவம்பரில் 7.0 ஆக இருந்து டிசம்பரில் 6.7 சதவீதமாகக் குறைந்தது என்றது. ஒரே மாதத்தில் 0.3 சதவீதப் புள்ளி என்பது பெரிய இறக்கம். உள்ளே இருந்த எண்கள் இவை. வேலையற்றோர் 1 கோடியே 8 லட்சத்து 41 ஆயிரத்திலிருந்து 1 கோடியே 3 லட்சத்து 51 ஆயிரமாயினர். 4 லட்சத்து 90 ஆயிரம் பேர் குறைந்துள்ளனர். அதே மாதத்தில் வேலையில் இருப்போர் கூடியதோ 1 லட்சத்து 43 ஆயிரம் மட்டுமே. இடையில் உள்ள 3 லட்சத்து 47 ஆயிரம்தான் உழைப்பாளர் படையிலேயே ஏற்பட்ட குறைவு. படை 15 கோடியே 52 லட்சத்து 84 ஆயிரத்திலிருந்து 15 கோடியே 49 லட்சத்து 37 ஆயிரமாகச் சுருங்கியது.

இந்த 3 லட்சத்து 47 ஆயிரம் பேரும் வெளியேறாமல் தேடிக்கொண்டே இருந்திருந்தால் என்று வைத்துக்கொள்வோம். வேலையற்றோர் 1 கோடியே 6 லட்சத்து 98 ஆயிரம். படை பழைய அளவே. வகுத்தால் 6.9 சதவீதம் வருகிறது. அதாவது 0.3 புள்ளி இறக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலை கிடைத்ததால் வந்தது. மீதி, படை சுருங்கியதால் வந்தது.

ஒரு மாதத்து எண்ணை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாது. இது மாதிரிக் கணக்கெடுப்பு. படையின் அளவில் ஒரு மாதத்தில் சில லட்சம் ஏறி இறங்குவது பிழை எல்லைக்குள்ளேயே அடங்கக்கூடும். ஆகவே நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே பொருத்தம். 2009 அக்டோபரில் வேலையின்மை 10.0 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டது. அங்கிருந்து 2013 டிசம்பருக்குள் 6.7க்கு இறங்கியது. இதே காலத்தில் பங்கேற்பு விகிதம் 65.0இலிருந்து 62.8க்கு விழுந்தது. வயது வந்தோரில் வேலையில் இருப்போர் பங்கு 2009 அக்டோபரில் 58.5 சதவீதம், 2013 டிசம்பரில் 58.6. வேலையின்மை மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்ட நான்கு ஆண்டுகளில், வேலை செய்வோர் பங்கு கிட்டத்தட்ட அசையவே இல்லை.

வெளியேறியவர் எல்லாரும் மனம் தளர்ந்தவர்களா?

இங்கேதான் பலர் மறுகோடிக்குத் தாவிவிடுகிறார்கள். வெளியேறிய அனைவரும் நம்பிக்கை இழந்தவர்கள் என்று எழுதுவதும் பிழையே. 2013 டிசம்பரில் வரையறைப்படி ஊக்கமிழந்தோர் 9 லட்சத்து 17 ஆயிரம் பேர். முந்தைய ஆண்டைவிட ஒன்றரை லட்சம் குறைவு. அவர்கள் அனைவரையும் வேலையற்றோருடன் சேர்த்தாலும் விகிதம் 6.7இலிருந்து 7.2 ஆகிறது, அவ்வளவே. யு-4 என்று பணியகம் வெளியிடும் அளவு இதுதான். முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரம் செய்வோரையும், ஓரளவு தொடர்புடையோர் எல்லாரையும் சேர்த்த யு-6 அளவு அம்மாதம் 13.1 சதவீதம்.

பங்கேற்பு குறைந்ததற்குப் பெரிய காரணம் வயது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946 முதல் அமெரிக்காவில் பிறப்புகள் திடீரெனப் பெருகின. அந்தத் தலைமுறையின் முதல் பிள்ளைகளுக்கு 2008இல் 62 வயது. அரசு ஓய்வூதியத்தைக் குறைந்த அளவிலாவது பெறத் தொடங்கும் வயது அது. நெருக்கடி வந்திராவிட்டாலும் அவர்கள் வெளியேறத் தொடங்கியிருப்பார்கள். குடியரசுத் தலைவரின் பொருளாதார ஆலோசகர் குழு 2014 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, 2007 இறுதி முதல் பங்கேற்பில் ஏற்பட்ட 3.1 புள்ளி வீழ்ச்சியில் பாதிக்கு மக்கள்தொகை முதுமையடைவதே காரணம் என்றது. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, வழக்கமான மந்தநிலை விளைவு. மீதி மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கடிக்கு முன்பே இருந்த போக்குகளும், இந்த மந்தநிலை அளவுக்கு மீறி நீண்டதும் காரணங்களாகக் காட்டப்பட்டன.

முதுமையின் விளைவைக் கழித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இவர்கள் பெரும்பாலும் படிப்பை முடித்தவர்கள், ஓய்வு பெறும் வயதை எட்டாதவர்கள். இவர்களில் வேலையில் இருப்போர் 2007இல் ஏறக்குறைய 80 சதவீதம்; 2013 இறுதியில் சுமார் 76. நான்கு ஆண்டு மீட்சிக்குப் பிறகும் பெரும்பகுதிப் பள்ளம் நிரம்பாமலே இருந்தது. வேலையின்மை விகிதம் காட்டிய மீட்சியைவிட உண்மையான மீட்சி குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த எண்ணை நம்பி எடுக்கப்பட்ட முடிவுகள்

2012 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கி, பணவீக்கம் கட்டுக்குள் இருக்கும்வரை, வேலையின்மை 6.5 சதவீதத்துக்கு மேல் உள்ள காலமெல்லாம் வட்டியை உயர்த்தப்போவதில்லை என்று அறிவித்தது. அன்று அந்த எல்லை வெகு தொலைவில் இருப்பதாகத் தோன்றியது. ஓராண்டுக்குள் விகிதம் 6.7க்கு வந்து நின்றது. வேலைச் சந்தையோ குணமாகவில்லை. 2014 மார்ச்சில், ஜேனட் எல்லன் தலைமையில், அந்த எல்லையை வங்கி கைவிட்டு, பல அளவுகோல்களைப் பார்த்து முடிவெடுப்பதாக மாற்றிக்கொண்டது.

வேலையற்றோர் உதவித்தொகையிலும் இதே சிக்கல். நெருக்கடிக் காலத்தில் கூடுதல் வாரங்களுக்கு உதவித்தொகை தரும் கூட்டாட்சித் திட்டம் இருந்தது. எத்தனை வாரம் என்பது அந்தந்த மாநில வேலையின்மை விகிதத்தைச் சார்ந்தது. விகிதம் குறைந்தால், மாநிலத்தில் இன்னும் தேடிக்கொண்டிருப்பவருக்குரிய வாரங்களும் குறையும். அக்கம்பக்கத்தார் மனம் தளர்ந்து விலகியதற்கு, விலகாமல் தேடுகிறவர் விலை கொடுக்கும் ஏற்பாடு இது. 2013 டிசம்பர் 28 அன்று அத்திட்டமே காலாவதியாகி, சுமார் 13 லட்சம் பேர் ஒரே நாளில் உதவியை இழந்தனர். உதவித்தொகை பெறுவோர் வேலை தேடியாக வேண்டும் என்பது நிபந்தனை. தொகை நின்றபின் அந்தக் கட்டாயமும் இல்லை.

திரும்பி வந்தவர்கள்

வெளியேறியவர்கள் இனி வரமாட்டார்கள் என்று அப்போது பலர் கருதினர். அப்படி நடக்கவில்லை. 25–54 வயதினரின் பங்கேற்பு 2015இல் 81 சதவீதத்துக்கும் கீழே போய், பிறகு மெல்ல ஏறி, 2020 தொடக்கத்தில் 83 சதவீதத்தை எட்டியது. நெருக்கடிக்கு முந்தைய அளவு அது. வேலையின்மை 3.5 சதவீதமாக இருந்த 2019 இறுதியில், மாதந்தோறும் புதிதாக வேலையில் சேர்ந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முந்தைய மாதம் வேலையற்றோர் பட்டியலில் இல்லாதவர்கள். அதாவது தேடாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள். தேடுவோருக்கும் தேடாதோருக்கும் இடையே வரையறை போடும் கோடு, வாழ்க்கையில் அவ்வளவு அழுத்தமாக இல்லை.

இந்தியக் கணக்கில் உள்ள வேறுபாடு

இந்தியாவில் 2017 முதல் நடைபெறும் காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பின் வரையறை சற்றுத் தளர்வானது. வாரக் கணக்கில் வேலையற்றவர் என்பவர் அந்த வாரம் ஒரு மணி நேரமும் வேலை செய்யாதவர். அதோடு வேலை தேடியவர் அல்லது வேலை கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தவர். அந்த 'அல்லது' முக்கியமானது. தேடாமல், ஆனால் தயாராக இருப்பவரும் இங்கே வேலையற்றவரே. ஆகவே அமெரிக்கக் கணக்கில் நழுவிவிடும் ஊக்கமிழந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்தியக் கணக்கில் உள்ளேயே இருப்பர். இரு நாட்டு விகிதங்களையும் நேரடியாக ஒப்பிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

2017–18இல் 15 வயது நிறைந்தோரிடையே, வழக்கமான நிலைக் கணக்கின்படி, வேலையின்மை 6.0 சதவீதம், பங்கேற்பு 49.8 சதவீதம். 2023–24இல் வேலையின்மை 3.2ஆகக் குறைந்தது, பங்கேற்போ 60.1ஆக உயர்ந்தது. இது அமெரிக்கக் கதைக்கு நேர் எதிர். இங்கே விகிதம் குறைந்ததற்கு மக்கள் விலகியதைக் காரணமாகச் சொல்ல முடியாது. பங்கேற்பு உயர்வில் பெரும்பகுதி கிராமப்புறப் பெண்களுடையது. அவர்களில் கணிசமானோர் சொந்த வயலிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றி உதவுபவர்களாகப் பதிவாகியுள்ளனர். எனவே இந்தியாவில் எழும் கேள்வி, எத்தனை பேர் தேடுவதை விட்டார்கள் என்பதைவிட, வேலையில் இருப்பதாக எண்ணப்படுவோருக்கு என்ன கிடைக்கிறது என்பதே.

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை வேலையற்றோர் எண்ணிக்கையாகச் செய்திகள் எடுத்துக்கொள்கின்றன. பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். இடையில் தனியார் வேலையில் இருப்பவரும், கல்லூரியில் படிப்பவரும், தேடுவதை என்றோ விட்டுவிட்டவரும் அந்தப் பதிவேட்டில் ஒன்றாகவே இருப்பார்கள். கடந்த வாரம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அந்தப் பதிவேடு யாரையும் கேட்பதில்லை.